கர்சர் வைத்துப் பட்டியல் எழுதும்போது விடும் பிழைகள்

போன வாரம் கந்தோருக்குப் புதிதாக வந்த தம்பி தன் கோடைக் காட்டினார். பில் பட்டியலுக்கு `?page=2` போடாமல் கர்சர், அதாவது கடைசியாகப் பார்த்த பில்லின் அடையாளம், போட்டிருந்தார். கேட்டதற்குக் காரணமும் சரியாகச் சொன்னார்: முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று புது பில் வந்தால், பார்த்த கடைசி மூன்றும் இரண்டாம் பக்கத்தில் திரும்பவும் வரும். தவிர, `OFFSET 10000` என்றால் டேட்டாபேஸ் அந்தப் பத்தாயிரத்தையும் கடந்துதான் வர வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அதற்குக் கீழே, நான் ஒருகாலத்தில் விட்ட பிழை அச்சொட்டாக அப்படியே இருந்தது.

நேரத்தை மட்டும் கர்சராக வைப்பது

```sql
WHERE created_at < $1
ORDER BY created_at DESC
LIMIT 50
```

பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. நானும் இதைத்தான் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். அவருடைய விற்பனைப் பொடியன்கள் வெளியூர் போய் டேப்லெட்டில் பில் போட்டு, பின்னேரம் கடைக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவார்கள். ஒருநாள் முதலாளி எடுத்தார். "தம்பி, நூற்றியிருபது பில் ஏத்தினது. போனில நாப்பதுதான் காட்டுது. மிச்சம் எங்க?"

பில் எதுவும் தொலையவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் `now()` தருவது டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தை. ஒரே டிரான்சாக்ஷனில் ஏறிய 120 பில்லுக்கும் `created_at` ஒன்றேதான், மைக்ரோசெக்கன் வரை. அதன் பிறகு கவுண்டரில் 10 பில் போட்டிருந்தார்கள். ஆகவே முதல் பக்கத்தில் அந்தப் 10, பிறகு ஏற்றியதில் 40. கடைசி பில்லின் நேரம் கர்சராகிறது. அடுத்த பக்கம் "இந்த நேரத்துக்கு முந்தியது" என்று கேட்கிறது. அதே நேரம் கொண்ட மிச்சம் 80 பில்லும் எந்தப் பக்கத்திலும் வராது. எரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. முதலாளி கொப்பியில் எண்ணி வைத்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

நான் அவசரத்தில் `<` என்பதை `<=` ஆக்கினேன். அது இன்னும் மோசம். இரண்டாம் பக்கத்தில் அதே நேரம் கொண்ட 50 பில் வரும். கடைசி பில்லின் நேரமும் அதேதான் என்பதால் கர்சர் நகராது. மூன்றாம் பக்கம் கேட்டாலும் அதே 50. விரல் தேயும்வரை தள்ளினாலும் முந்தைய நாள் பில்லுக்குப் போக முடியாது.

சரியான வழி, நேரம் சமமானால் முடிவு சொல்ல இன்னொரு கொலத்தைச் சேர்ப்பது. அது தனித்துவமானதாகவும் மாறாததாகவும் இருந்தால் போதும், `id` தாராளம்.

```sql
WHERE (created_at, id) < ($1, $2)
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 51
```

இரண்டு கொலமும் ஒரே திசையில் இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். ஒன்று `ASC`, மற்றது `DESC` என்றால் நிபந்தனையை `OR` போட்டுப் பிரித்து எழுத வேண்டும். கடை வாரியாக வடிகட்டுவதென்றால் இன்டெக்ஸ் `(shop_id, created_at, id)` என்று அந்த ஒழுங்கில் இருக்கட்டும்.

மில்லிசெக்கனில் வெட்டுப்படுவது

`id` சேர்த்த பிறகும் இடைக்கிடை ஒன்றிரண்டு பில் காணாமல் போனது. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோசெக்கன் வரை வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் `Date` மில்லிசெக்கனோடு நின்றுவிடும். `10:15:23.456789` கர்சருக்குள் போகும்போது `.456` ஆகிறது. அடுத்த பக்கம் `.456`-க்குக் கீழே தேடும். `.456300`-இல் போட்ட பில் அந்த இடைவெளியில் விழுந்துவிடும். நேரத்தை டேட்டாபேஸிலேயே எழுத்தாக மாற்றி, அந்த எழுத்தையே கர்சரில் வையுங்கள். `Date` ஆக்கவே வேண்டாம்.

51-ஆவது வரியைக் கர்சராக்குவது

அது அடுத்த பக்கம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும். கர்சர் 50-ஆவதிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக்கு ஒரு பில் போகும்.

`updated_at` படி அடுக்குவது

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பில் மேலே ஏறிவிடும். வேண்டாம்.

கர்சரில் `id` மட்டும் அனுப்பி, நேரத்தை டேட்டாபேஸில் தேடுவது

அந்த பில்லை யாராவது அழித்தால் பட்டியல் அங்கேயே நிற்கும்.

ஐந்து வரி வைத்துச் சோதிப்பது

தம்பியின் டெஸ்டில் ஐந்து பில், ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம். பாஸாகாமல் என்ன செய்யும்? ஒரே டிரான்சாக்ஷனில் 120 வரி போடச் சொன்னேன். பக்கத்துக்கு 7 வைத்து முடிவுவரை நடந்து, கிடைத்த `id`-களை டேபிளோடு ஒப்பிடச் சொன்னேன். முதல் ஓட்டத்தில் 7 மட்டும் வந்தது. தம்பி ஒன்றும் கதைக்காமல் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார்.