பத்து அங்குலம் ஒரு அங்குலம் ஆன கதை

பாம்பனில் மாமா வள்ளத்துக்குப் பலகை அளந்து நோட்டில் எழுதியிருந்தார். 5.9 என்றால் அஞ்சடி ஒன்பது அங்குலம், 5.10 என்றால் அஞ்சடி பத்து. மரக்கடையில் எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் ஒரே பட்டியலாகக் கேட்டார்கள்.

எக்செலில் அடித்து 30.48-ஆல் பெருக்கினேன். 5.9-க்கு 179.8 வந்தது, அதைவிட நீளமான 5.10-க்கு 155.4. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலம், பத்தில் ஒரு பங்கு அடி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அடியையும் அங்குலத்தையும் பிரித்துக் கணக்கிட்டேன். 5.9 சரியாகி 175.26 ஆனது. 5.10 மட்டும் 154.94-லேயே நின்றது.

இரண்டு நாள் சூத்திரத்தையே மாற்றிக்கொண்டிருந்தேன். கோளாறு அதில் இல்லை. 5.10 என்று அடித்ததும் எக்செல் அதை எண்ணாக எடுத்து, கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு 5.1 என்று வைத்துக்கொள்கிறது. தசமம் இரண்டு இடம் காட்டச் சொன்னால் 5.10 திரும்பத் தெரியும். ஆனால் உண்மையான அஞ்சடி ஒரு அங்குலமும் 5.10 என்றே தெரியும். அடித்த பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் 11 இருந்தும் 10 ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

அடித்த பிறகு பத்தியை Text ஆக மாற்றியும் பயனில்லை, போன சுழியம் வராது. காலிப் பத்தியை முதலில் Text ஆக்கி, நோட்டைப் பார்த்து மறுபடி அடித்தேன். முழு அடியை 7.0 என்று எழுதினேன், புள்ளி இல்லாவிட்டால் பிழை வரும்.

```
=(LEFT(A2,FIND(".",A2)-1)*12+MID(A2,FIND(".",A2)+1,2))*2.54
```

5.10 இப்போது 70 அங்குலம், 177.8 சென்டிமீட்டர். மாமா டேப்பை வைத்துப் பார்த்து, "இதுதாம்ப்பா" என்றார்.