பூட்டில்லாத லிவரும் சில் 2 சான்றிதழும்: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கில் 2005 டிசம்பர் 10 மாலை 7 மணிக்கு 912 என்ற எண்ணுள்ள டேங்கில் பெட்ரோல் ஏற்றத் தொடங்கினார்கள். மறுநாள் அதிகாலை 3 மணி தாண்டியதும் கன்ட்ரோல் ரூம் திரையில் மட்டம் காட்டும் கோடு அப்படியே படுத்துவிட்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது, கேஜ் மட்டும் சிக்கி நின்றது. 5:37 வாக்கில் டேங்க் நிரம்பி வழிந்தது. 6:01க்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிரிழப்பு இல்லை.

அந்த டேங்கின் உச்சியில் கேஜுக்குச் சம்பந்தமே இல்லாத தனி ஹை லெவல் சுவிட்ச் ஒன்று இருந்தது. மட்டம் அதைத் தொட்டால் பெட்ரோல் வருவது தானாக நிற்க வேண்டும். இப்படி ஓர் ஆபத்தை உணர்ந்து, முடிவெடுத்து, ஆலையைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோகும் முழுச் சங்கிலிக்குத்தான் சேஃப்டி இன்ஸ்ட்ருமென்டட் ஃபங்ஷன் என்று பெயர். பேச்சில் சிஃப் என்போம். உணரும் சென்சர், முடிவெடுக்கும் லாஜிக் சால்வர், மூடும் வால்வ், மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு சிஃப். அந்தச் சங்கிலி எவ்வளவு நம்பகமானது என்பதைச் சொல்லும் அளவு சேஃப்டி இன்டெக்ரிட்டி லெவல், அதாவது சில். கூப்பிட்ட நேரத்தில் சங்கிலி வராமல் போகும் வாய்ப்பு 10ல் ஒன்றுக்கும் 100ல் ஒன்றுக்கும் இடையில் இருந்தால் சில் 1. 100க்கும் 1000க்கும் இடையில் என்றால் சில் 2. 1000க்கும் 10,000க்கும் இடையில் என்றால் சில் 3.

புதிதாக வருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். சில் என்பதை ஒரு கருவியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கராக நினைத்துக்கொள்கிறார்கள். "ட்ரான்ஸ்மிட்டர் சில் 2, வால்வும் சில் 2, அப்போ லூப் சில் 2 தானே சார்?" என்று கேட்காத புதியவரை நான் பார்த்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். வெளியே தெரியாமல் செத்துக் கிடக்கும் பழுதுதான் சிஃபுக்கு எமன். அதற்கான எளிய சூத்திரம் இது:

```
PFDavg = λDU × T / 2
```

PFDavg என்பது கூப்பிட்ட நேரத்தில் வராமல் போகும் சராசரி வாய்ப்பு. λDU என்பது அப்படிப்பட்ட மறைந்த பழுது ஓர் ஆண்டில் வரும் வீதம். மறைந்த பழுதைத் தேடிச் செய்யும் சோதனைக்கு ப்ரூஃப் டெஸ்ட் என்று பெயர்; T என்பது ஒரு ப்ரூஃப் டெஸ்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம். பழுது அந்த இடைவெளியில் எந்த நாளிலும் வரலாம், சராசரியாகப் பாதிக் காலம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். அதனால்தான் 2ஆல் வகுக்கிறோம்.

உதாரணத்துக்கு லெவல் சுவிட்சின் λDU ஆண்டுக்கு 0.01, வால்வுக்கு 0.02, லாஜிக் சால்வரின் பங்கு 0.0005 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்தால் 0.005, 0.01, 0.0005 மூன்றையும் கூட்ட 0.0155 வருகிறது. 1ஐ இதால் வகுத்தால், ஆபத்தை ஏறக்குறைய 65 மடங்குதான் குறைக்கிறது, ஆக சில் 1. வாங்கிய கருவி ஒவ்வொன்றிலும் சில் 2 என்று அச்சிட்டிருந்தாலும் இதே கதைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் செய்தால் 0.008 ஆகி 125 மடங்கு குறைக்கும், சில் 2க்குள் நுழைந்துவிடும். ஷட்டவுன் வரட்டும் என்று மூன்று ஆண்டு தள்ளிப்போட்டால் வெறும் 22. ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை, டெஸ்ட் தேதி மட்டும்தான் மாறியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மொத்தத்தில் பெரும்பங்கு வால்வுடையது. லாஜிக் சால்வரைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் கூட்டங்களில் வால்வைப் பற்றி யாரும் வாய் திறக்காதபோது எனக்கு உண்மையாகவே கவலை வரும்.

சரி, சில் 2 தொடங்கும் அந்த 100 மடங்கு வேண்டும் என்று யார் சொன்னது? அதற்கும் கணக்கு உண்டு. கேஜ் பத்து ஆண்டுக்கு ஒருமுறை சிக்கும் என்போம். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் அலாரம் கேட்டுப் பத்தில் ஒன்பது முறை சமாளிப்பார் என்றால் டேங்க் வழிவது நூறு ஆண்டுக்கு ஒருமுறையாகிறது. நிர்வாகம் ஏற்பது பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மிச்சமுள்ள 100 மடங்கை சிஃப் சுமக்க வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் இரண்டாவது தவறு ஒளிந்திருக்கிறது. அந்த அலாரம் எங்கிருந்து வருகிறது? பன்ஸ்ஃபீல்டில் கன்ட்ரோல் ரூம் நம்பியிருந்த மட்ட அலாரங்கள் எல்லாம் அதே கேஜிலிருந்துதான் வந்தன. கேஜ் சிக்கியதும் ஒன்றும் ஒலிக்கவில்லை. பழுதானதும் கேஜ், அதைச் சொல்ல வேண்டியதும் கேஜ். அப்படி இருக்கும்போது ஆபரேட்டர் பத்து மடங்கு குறைப்பார் என்று எழுதக் கூடாது. எழுதாவிட்டால் சிஃப் மேல் 1000 மடங்கு பாரம் வந்து விழும். மேலே பார்த்த லூப்பால் அதைத் தாங்க முடியாது. சில் 3 என்று வந்துவிட்டால் ஒரே சென்சர், ஒரே வால்வ் என்ற அமைப்பை ஆலைகளின் சிஃபுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 61511 பொதுவாக ஏற்பதில்லை. கன்ட்ரோலுக்கு இருக்கும் ட்ரான்ஸ்மிட்டரையே, ஆபத்தில் தானாக நிறுத்தும் ட்ரிப்புக்கும் பயன்படுத்தி ஒரு கருவியின் செலவை மிச்சம் பிடிப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்தான்.

அப்புறம் ப்ரூஃப் டெஸ்ட். சூத்திரத்தில் T என்று எழுதும்போது அந்த டெஸ்ட் மறைந்த பழுதைக் கண்டுபிடிக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டெஸ்ட் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். டெக்னீஷியன் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, ட்ரான்ஸ்மிட்டர் வயரைக் கழற்றி, லூப் கேலிபரேட்டரால் 20 மில்லிஆம்ப் கொடுத்தார். திரையில் ட்ரிப் சிவப்பாக வந்தது. உற்பத்தி நிற்கக் கூடாதே என்று வால்வை இயக்கும் சாலினாய்டுக்குப் போகும் சிக்னலை முன்பே துண்டித்து வைத்திருந்தார்கள். தாளில் 'ஓகே' விழுந்தது. சோதித்தது கேபிளையும் லாஜிக்கையும் மட்டும்தான். ட்ரான்ஸ்மிட்டருக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயான இம்பல்ஸ் லைன் அடைத்திருந்தாலும், வால்வ் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் அந்தத் தாளில் அதே 'ஓகே'தான் விழுந்திருக்கும். வால்வ் எத்தனை விநாடியில் முழுக்க மூடியது என்ற எண் டெஸ்ட் தாளில் இல்லையென்றால், வால்வை யாரும் அசைக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த நேரம் எதற்கு? 25 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் மணிக்கு 900 கனமீட்டர் ஏறினால் மட்டம் நிமிடத்துக்கு 3 சென்டிமீட்டர் உயரும். ட்ரிப் புள்ளிக்கும் வழியும் இடத்துக்கும் 30 சென்டிமீட்டர் இருந்தால் கையில் இருப்பது 10 நிமிடம். குழாயில் அழுத்த அதிர்ச்சி வராமலிருக்க வால்வை மெதுவாகத்தான் மூடுவோம். துரு அதை இன்னும் இழுத்தடித்தால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் மூடி முடியுமா என்பதே கேள்வி.

பன்ஸ்ஃபீல்டின் அந்தத் தனி சுவிட்ச் ஏன் வேலை செய்யவில்லை? அதில் டெஸ்ட் செய்ய ஒரு லிவர் உண்டு. டெஸ்ட் முடிந்ததும் லிவரை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவந்து சிறிய பூட்டு ஒன்றைப் போட வேண்டும். யாரும் கை வைக்காமலிருக்கத்தான் பூட்டு என்று அங்கிருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். உண்மையில் லிவரைச் சரியான நிலையில் பிடித்து வைத்ததே அந்தப் பூட்டுதான். அது இல்லாததால் லிவர் கீழே இறங்கியது, சுவிட்ச் செயலற்றுப் போனது, யாருக்கும் தெரியவில்லை. உங்கள் டெஸ்ட் தாளைக் கையில் எடுத்து அதன் கடைசி வரிகளைப் படியுங்கள். டெஸ்டுக்காகப் போட்ட பைபாஸ் நீக்கப்பட்டதா, கழற்றிய வயர் திரும்ப மாட்டப்பட்டதா, லிவரும் ஐசொலேஷன் வால்வும் எந்த நிலையில் விடப்பட்டன என்பதையெல்லாம் இன்னொருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட இடம் இருக்கிறதா? இல்லையென்றால், டெஸ்டுக்கு முன் உயிரோடிருந்த சிஃபை டெஸ்டே செத்துப்போக விட்டிருக்கலாம்.