தொட்டி காலியாகிவிட்டது, மாடு நலமா?

"வச்சதையெல்லாம் தின்னுட்டுது தாத்தா, நல்லாத்தான் இருக்கு" என்றாள் பேத்தி. கன்று ஈன்று ஐந்து நாள் ஆன மாடு. தாத்தா தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "சத்தம் போடாம அது வாயைப் பாரு கண்ணு" என்றார்.

மாடு வளர்க்கும் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். பல நோய்களில் தீவனம் குறைவதற்கு முன்பே அசைபோடுவது குறைந்துவிடும். நலமான மாடு நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வருவது கண்ணுக்கே தெரியும். அதைப் பெரும்பாலும் 50, 60 தடவை மென்று விழுங்கும். சில நொடி கழித்து அடுத்தது வரும்.

பேத்தி எண்ணினாள். 34. அடுத்தது 31. அப்புறம் மெல்லுவதையே நிறுத்திவிட்டுச் சும்மா நின்றது.

கிட்டே போய் எண்ணுவதும் தவறுதான். ஆள் வந்தாலே மாடு மெல்லுவதை நிறுத்திவிடும். தீவனம் பொடியாக இருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். அதனால் பக்கத்து மாட்டோடு ஒப்பிடாமல், அதே மாட்டின் நேற்றைய கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். "முந்தாநாள் இதே தீவனத்துக்கு 55க்குக் கீழே போகல" என்றார் தாத்தா.

பேத்தி காய்ச்சல் பார்க்கக் காதைத் தொடப் போனாள். காதின் சூடு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறும், அதை நம்ப முடியாது. தாத்தா அவள் கையை முஷ்டியாக்கி, இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே உள்ள குழியில் அழுத்தி வைத்தார். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறையாவது இரைப்பை உருண்டு கையைத் தள்ள வேண்டும். ஒரே ஒரு முறை, அதுவும் சோர்வாகத் தள்ளியது.

பிறகு தெர்மாமீட்டர். ஆசனவாயில் வைத்ததும் 102.4 டிகிரி காட்டியது. "சரியாத்தானே இருக்கு?" என்றாள். முனை சாணத்துக்குள் புதைந்தால் அளவு குறைத்துக் காட்டும். இந்தத் தவறில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாத்தா முனையைச் சாய்த்துக் குடலின் சுவரில் படும்படி இரண்டு நிமிடம் பிடித்தார். 103.8. வெயிலேறாத காலை நேரம், நிழலில் நின்ற மாடு. 103க்கு மேல் போனால் அது கவனிக்க வேண்டிய காய்ச்சல்.

வாலைத் தூக்கினார். செம்பழுப்பாக, நீர்த்து, நாற்றமடிக்கும் கசிவு. கன்று ஈன்ற முதல் பத்து நாளில் கருப்பையில் கிருமித் தொற்று ஏற்பட்டால் இப்படி வரும். வீட்டிலிருந்த மாத்திரையைக் கொடுக்காமல் கால்நடை மருத்துவரை அழைத்தார். ஊசி போட்ட மருத்துவர், எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் பேத்தி அதே இடத்தில் உட்கார்ந்து எண்ணினாள். 53. தொட்டியை அப்புறம்தான் பார்க்கப் போனாள்.