டிஸ்டெம்பர்: இருமல் நின்றதும் "குணமாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள்

படிப்பை முடித்துப் புதிதாகக் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளும், தெருநாய்களைத் தூக்கிவந்து பராமரிக்கும் தன்னார்வலர்களும் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் விஷயத்தில் ஒரே மாதிரி இடறுகிறார்கள். எங்கள் காலத்திலும் இதே இடங்களில்தான் இடறினோம். தடுப்பூசி போடாமல் விடுவது, பாராசிட்டமால் மாத்திரையைத் தாங்களே கொடுப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்கிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கிட்டில் ஒரு கோடுதான் வந்தது, அதனால் டிஸ்டெம்பர் இல்லை

கண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்துப் பார்க்கும் அந்தச் சிறிய கிட் "உண்டு" என்றால் பெரும்பாலும் நம்பலாம். "இல்லை" என்றால் நம்பக் கூடாது. மாதிரி எடுத்த இடத்தில் அன்றைக்கு வைரஸ் குறைவாக இருந்தாலே அது இல்லை என்றுதான் காட்டும். நோய் முற்றி, கண்ணும் மூக்கும் தெளிந்து, நரம்பு அறிகுறி மட்டும் மிஞ்சியிருக்கும் கட்டத்தில் இப்படி ஏமாற்றுவது இன்னும் அதிகம். சந்தேகம் வலுவாக இருந்தால் கண், மூக்கு, சிறுநீர் என்று பல இடங்களில் மாதிரி எடுத்து பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். போட்டுச் சில வாரங்கள் வரை அதுவும் பரிசோதனையில் தலைகாட்டும்.

இருமல் நின்றது, சாப்பிடுகிறது, குணமாகிவிட்டது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். நாய்க்கும் வீட்டுக்காரருக்கும் இதைவிடப் பெரிய நஷ்டத்தைத் தரும் தவறு வேறில்லை.

ஐந்து மாதக் குட்டி ஒன்றைச் சொல்கிறேன். ஆறு கிலோ எடை, நாட்டுநாய். 45 நாளில் ஒரே ஒரு தடுப்பூசி, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஒருநாள் சோர்ந்து படுத்தது, கண்ணில் நீர் வடிந்தது, காய்ச்சல் 104 டிகிரி. வேறொரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. ஊசி வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்கைந்து நாள் கழித்துக் காய்ச்சல் திரும்ப வந்தது. இந்த முறை கண்ணில் மஞ்சள் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, இருமல், கூடவே வயிற்றுப்போக்கு. டிரிப், நெபுலைசர், வேறு ஆன்டிபயாட்டிக் என்று இரண்டு வாரம் ஓடியது. குட்டி தேறியது. சாப்பிட்டது, வாலாட்டியது, எடையும் கொஞ்சம் ஏறியது. "குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் குட்டிக்குள் நடந்ததைப் புரிந்துகொண்டால் அந்த வாக்கியம் ஏன் தப்பு என்பது தெரியும். டிஸ்டெம்பர் வைரஸ் மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு. மூச்சு வழியாக உள்ளே போனதும் அது முதலில் நுரையீரலைத் தாக்குவதில்லை. தொண்டைச் சதையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களில் பெருகுகிறது. தொற்றிய மூன்று முதல் ஆறு நாளில் வரும் முதல் காய்ச்சல் இதனால் வருவது. அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளையணுக்கள், முக்கியமாக லிம்ஃபோசைட்டுகள் குறைந்திருக்கும். அந்தக் காய்ச்சல் தானாகவே இறங்கும். நீங்கள் வெறும் தண்ணீரை ஊசியில் போட்டிருந்தாலும் இறங்கியிருக்கும். ஏறத்தாழ எட்டு, ஒன்பதாம் நாளில் வைரஸ் ரத்தத்தின் வழியே நுரையீரல், குடல், தோல், மூளை எல்லாவற்றுக்கும் போகிறது. இரண்டாவது காய்ச்சலும் இருமலும் அப்போதுதான் வருகின்றன. இந்த இருமலில் பாதி வேலை பாக்டீரியாவுடையது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நுரையீரலில் அவை பெருகிவிடுகின்றன. அதனால்தான் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் நாய் தேறுவதுபோல் தெரிகிறது. அந்த மருந்து வைரஸைத் தொடவே இல்லை.

இரண்டு வாரம் ஆகும்போது உடல் ஆன்டிபாடி எனப்படும் எதிரணுக்களைத் தயார்செய்துவிட்டால் நுரையீரலிலும் குடலிலும் வைரஸ் துடைக்கப்படும். எதிரணு சீக்கிரமாகவும் நிறையவும் வந்த நாய்கள் அதோடு உண்மையிலேயே தப்பிக்கின்றன. தாமதமாகவோ அரைகுறையாகவோ வந்த நாய்களில் மூளைக்குள் ஏற்கெனவே நுழைந்த வைரஸ் அங்கேயே தங்கிவிடுகிறது, ஏனென்றால் எதிரணுக்கள் மூளைக்குள் அவ்வளவு எளிதாகப் போக முடியாது. அங்கே அது நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை மெல்ல அழிக்கிறது. பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த இடத்துக்கு வந்து அழற்சியை உண்டாக்கிச் சேதத்தைக் கூட்டுகிறது. ஆக, நுரையீரல் தெளிந்தது என்பது நுரையீரலைப் பற்றிய செய்தி மட்டும்தான்.

நரம்பு அறிகுறி பெரும்பாலும் உடல் தேறிய ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் வரும். சில நாய்களில் மாதங்கள் கழித்தும் வரும். இந்தக் குட்டிக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. தூங்கும்போது நெற்றிப்பொட்டுத் தசை ஒரே தாளத்தில் துடித்தது. கொசு கடிக்கிறது என்று நினைத்தார்கள். பிறகு இடது முன்னங்கால் துடித்தது. அப்புறம் ஒருநாள் காலையில் தாடை படபடவென்று அடித்துக்கொண்டு வாயில் நுரை தள்ளியது.

இதற்குள் நடந்திருந்தவற்றைப் பாருங்கள். கையிலிருந்த பணம் முதல் கட்டத்திலேயே தீர்ந்துவிட்டது. "குணமாகிவிட்டது" என்றதால் பக்கத்து வீட்டுக் குட்டிகளோடு விளையாட விட்டார்கள். அதில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. டிஸ்டெம்பரிலிருந்து தேறிய நாயின் சிறுநீரிலும் மூச்சிலும் வைரஸ் வாரக்கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று மாதம்கூட வெளியேறும். வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார், அந்த ஊசியாலதான் கால் இழுக்குதா?" அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? நோய் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள், இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, காரணம் ஊசியாகத்தானே இருக்க வேண்டும்!

இருமல் நிற்கும் நாளில் சொல்ல வேண்டியது இதுதான்: "நெஞ்சு சரியாகிவிட்டது. மூளைக்குப் போயிருக்கிறதா என்பது இன்னும் தெரியாது. ஆறு வாரம் கவனியுங்கள். தூங்கும்போது துடிப்பு இருக்கிறதா, பின்னங்கால் தள்ளாடுகிறதா, தலை ஒருபக்கம் சாய்கிறதா, சுவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். மற்ற நாய்களிடம் விடாதீர்கள்." சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கே பாதத் திண்டையும் மூக்கு நுனியையும் தடவிப் பாருங்கள். அவை தடித்து, காய்ந்து, வெடித்திருந்தால் நரம்பு அறிகுறி வருவதற்கான வாய்ப்பு கூடுதல். வயிற்றுத் தோலில் சீழ்க்கொப்புளம் இருப்பது அந்த அளவுக்குக் கெட்ட அறிகுறி அல்ல.

துடிப்பை வலிப்பு என்று எழுதுவது

இரண்டையும் ஒன்றாக எழுதினால் முன்கணிப்பே தவறிவிடும். துடிப்பு என்பது ஒரு தசைக்கூட்டம் தாளம் தப்பாமல் சுண்டிக்கொண்டே இருப்பது. நாய் நினைவோடு இருக்கும், கூப்பிட்டால் திரும்பும். தூக்கத்திலும் துடிப்பு நிற்காது. வலிப்பு விட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் நாய் தன்னிலை இழக்கும், பிறகு சிறிது நேரம் குழம்பிக் கிடக்கும். டிஸ்டெம்பரில் சூயிங்கம் மெல்வதுபோல் தாடை அடித்துக்கொள்ளும் வலிப்பு மிகவும் பரிச்சயமானது. வீட்டுக்காரரிடம் வாயால் கேட்பதைவிட, தூங்கும்போது ஒன்றும் வலிப்பு வரும்போது ஒன்றுமாக இரண்டு வீடியோ எடுத்துவரச் சொல்லுங்கள்.

வலிப்புக்கு மருந்து உண்டு. இந்தக் குட்டிக்கு ஃபீனோபார்பிட்டால் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் கணக்கில் காலையும் இரவும் 15 மில்லிகிராம் கொடுத்தோம். முதல் சில நாட்கள் போதையில் இருப்பதுபோல் தள்ளாடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இல்லையென்றால் நோய் முற்றிவிட்டது என்று பயந்து அவர்களே மருந்தை நிறுத்தியிருப்பார்கள். துடிப்புக்கு இந்த மருந்து பெரிதாக உதவாது. பெரும்பாலும் அது வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆனால் துடிப்போடு ஒரு நாய் சாப்பிடலாம், நடக்கலாம், சண்டையும் போடலாம்.

"பிழைக்குமா டாக்டர்?" என்ற கேள்விக்கு முதல் நாளே ஒரு சதவீதத்தைச் சொல்வது சுலபம். அதை நம்பி அவர்கள் எதையும் முடிவுசெய்ய முடியாது. காய்ச்சல் கட்டத்தில் நேர்மையான பதில், இப்போது சொல்ல முடியாது என்பதுதான். நரம்பு அறிகுறி வந்துவிட்டால் பொதுவாக நிலைமை மோசம். ஆனால் அறிகுறி இருக்கிறதா என்பதைவிட அது வளர்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. வாரத்துக்கொரு முறை அதே நாயை அதே தரையில் நடக்கவைத்துப் பாருங்கள். போன வாரம் ஒரு கால், இந்த வாரமும் அதே கால்தான் என்றால் காத்திருக்கலாம். ஒரு கால் இரண்டாகி, தள்ளாட்டம் வாதமாகி, மருந்துக்கும் வலிப்பு அடங்காமல், விழுங்கவும் முடியாமல் போனால் கருணைக்கொலையைப் பற்றி நீங்களாகவே பேச்சை எடுங்கள். வீட்டுக்காரர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்தக் குட்டியின் துடிப்பு இடது காலைத் தாண்டவில்லை. வலிப்பு குறைந்தது. நிரந்தரப் பற்களில் எனாமல் சரியாக உருவாகாமல் பழுப்புக் குழிகள் விழுந்திருந்தன. குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் வந்த நாய்களில் இதைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக் குட்டி இறந்துவிட்டது.

காய்ச்சல் கட்டத்தில் ஸ்டீராய்டு

வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை வைரஸே அழித்துக்கொண்டிருக்கிறது, நீங்களும் சேர்ந்து அழிக்காதீர்கள்.

"ஒரு ஊசி போட்டாச்சு"

தாயிடமிருந்து வந்த எதிரணு முதல் ஊசியை வீணாக்கிவிடலாம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வயது ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கொன்று போட வேண்டும்.

நுரை தள்ளும் நாயை டிஸ்டெம்பர் என்றே முடிவுகட்டுவது

தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் வெறி என்பார்கள். அதைக் கேட்டுச் சலித்துப்போன புதியவர்கள் எல்லாவற்றையும் டிஸ்டெம்பர் என்கிறார்கள். முன்கதை தெரியாத, வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய் எச்சில் ஒழுகவும் தள்ளாடவும் செய்தால், ரேபிஸ் இல்லை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கையுறை இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். தனியாக அடைத்து வையுங்கள். அதன் எச்சில் யார் காயத்தில் பட்டாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவைத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாய்க்கு என்ன நோய் என்ற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.