திரையில் 100 என்றால் மெமரியிலும் 100தானா?

கேமின் மெமரியில் இருக்கும் எண்ணைத் தேடி மாற்ற உதவும் சீட் எஞ்சினில் ஹெல்த் தேடப் போகும் புதியவர்கள் எல்லாரும் நான் அன்று விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள், அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

திரையில் தெரியும் எண்ணை நம்புவது

திரையில் 100 இருந்தது. `4 Bytes` வைத்து 100 தேடினேன். அடி வாங்கினேன், 87 ஆனது, `Next Scan` போட்டேன். நாலைந்து அடிக்குப் பிறகு ஒரே ஒரு முகவரி மிஞ்சியது, அதை 9999 ஆக மாற்றினால் திரையிலும் 9999 வந்தது! அடுத்த அடியில் 61க்கு இறங்கிவிட்டது. சரி என்று 100 ஆக்கி ஃப்ரீஸ் செய்தேன். அப்புறம் திரையில் 100 அப்படியே நிற்கிறது, ஆள் மட்டும் செத்துக் கிடக்கிறான். ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது, இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

நான் பிடித்தது திரையில் காட்டுவதற்காக கேம் எடுத்து வைத்திருந்த நகல். உண்மையான ஹெல்த் 87.4 மாதிரி ஒரு தசம எண், அதாவது `Float`. அதே நான்கு பைட்டுகள்தான், ஆனால் எழுதும் முறை வேறு: ஃப்ளோட்டில் இருக்கும் 100ஐ `4 Bytes` ஆகப் படித்தால் 1120403456 என்று வரும். அப்படியிருக்க, 100 என்று தேடினால் அது எப்படிச் சிக்கும்?

எண்ணை மாற்றிவிட்டு ஒரு அடி வாங்கிப் பாருங்கள். பழைய கணக்கிலிருந்தே குறைந்தால் அது நகல். உடனே `New Scan` போடுங்கள் (இல்லாவிட்டால் `Value Type` மாற்ற விடாது), `Float` தேர்ந்தெடுங்கள், திரையில் 87 என்றால் `Value between...` வைத்து 86 முதல் 88 வரை தேடுங்கள். கேம் தசமத்தை வெட்டிக் காட்டுகிறதா, முழுமையாக்கிக் காட்டுகிறதா என்பது நமக்குத் தெரியாது, இந்த இடைவெளி இரண்டுக்கும் போதும். ஒவ்வொரு அடிக்கும் அப்போதைய எண்ணைச் சுற்றி இதேபோல் இடைவெளி கொடுங்கள், நடுவில் சும்மா நின்று `Unchanged Value` போட்டால் பட்டியல் வேகமாகச் சுருங்கும். மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், மொத்தமாக மாற்றினால் கேமே நின்றுபோகலாம்.

இதிலும் கிடைக்காவிட்டால் உள்ளே 0 முதல் 1 வரையிலான அளவாக வைத்திருக்கலாம். அப்போது எண்ணையே விட்டுவிட்டு `Unknown initial value`, பிறகு அடிக்கு அடி `Decreased value`.

ஃப்ரீஸ் போட்டால் சாகவே மாட்டோம் என்று நினைப்பது

ஃப்ரீஸ் என்பது சிறு சிறு இடைவெளியில் எண்ணைத் திரும்ப எழுதுவதுதான். ஒரே அடியில் பூஜ்யம் ஆனால், அது எழுதுவதற்குள் கேம் உங்களைக் கொன்றிருக்கும்.

முகவரியை நாளைக்கு என்று சேமிப்பது

கேமை மூடித் திறந்தால் பெரும்பாலும் அது மாறிவிடும். அந்த முகவரி எங்கே என்று காட்டும் பாயிண்டரைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் கேமில் முயல்வது

வேண்டாம்.