மோசடி மின்னஞ்சலைச் சரிபார்க்கும்போது அடையாளங்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்: அபாய மட்டம் சொல்வதில் வரும் தவறுகள்

ஒரு மின்னஞ்சல் மோசடியா என்று பார்க்கப் பட்டியல் வைத்திருக்கும் அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது கூடி வருகின்றன. எழுத்துப்பிழை இருக்கிறதா, அவசரப்படுத்துகிறதா, பெயர் சொல்லி அழைக்காமல் "அன்பான வாடிக்கையாளருக்கு" என்று தொடங்குகிறதா, ஜிமெயில் முகவரியா, லிங்க் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்து, பொருந்திய அடையாளத்துக்கெல்லாம் சரிக்குறி போட்டு, கடைசியில் எத்தனை என்று கூட்டுகிறார்கள். இரண்டுக்குக் கீழே என்றால் குறைவு, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் உயர். பட்டியலில் குறையில்லை. கூட்டிப் பார்ப்பதில்தான் தவறு இருக்கிறது.

இரண்டு மின்னஞ்சல்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மாதிரிக்கு அமைத்தவை. யாரும் தவறிப்போய் திறந்துவிடக்கூடாது என்பதற்காக கற்பனை முகவரிகளின் முடிவை .example என்று மாற்றியிருக்கிறோம்.

முதலாவது, ஒரு பாடசாலைக்கு வந்த பயிற்சிப் பட்டறை அறிவித்தல். அனுப்பியது ஒரு ஜிமெயில் முகவரி. "அதிபர் அவர்கட்கு" என்று பொதுவாகத் தொடங்குகிறது. தமிழில் நாலைந்து எழுத்துப்பிழைகள். "நாளை மாலை 4 மணிக்கு முன் கட்டாயம்" என்கிறது. கீழே forms.gle என்று தொடங்கும் சுருக்க லிங்க் ஒன்று. எண்ணிப் பார்த்தால் ஐந்து அடையாளங்கள் பொருந்துகின்றன, பட்டியல்படி உயர் அபாயம். ஆனால் நம் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: உண்மையான அறிவித்தல்களும் இப்படித்தான் வருகின்றன. சிங்களத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்த கடிதத்தில் பிழை இருக்கும், பல அலுவலகங்களும் பாடசாலைகளும் ஜிமெயிலையே பயன்படுத்துகின்றன, கடைசி நேரத்தில்தான் தகவல் கேட்பார்கள். forms.gle என்பது கூகிள் தன் படிவங்களுக்குத் தரும் சுருக்க முகவரி. அந்தப் படிவம் ஆசிரியரின் பெயரையும் பாடசாலையையும் மட்டும் கேட்டால் இழப்பதற்குப் பெரிதாக எதுவுமில்லை. கடவுச்சொல்லோ வங்கி அட்டை இலக்கமோ கேட்டால் கதை வேறு.

இரண்டாவது, கல்முனையில் ஓர் அரிசி மொத்த வியாபாரிக்கு, அவர் வழக்கமாகக் கொள்வனவு செய்யும் ஆலையிலிருந்து வந்ததுபோல் இருக்கும் மடல். அவருடைய பெயரைச் சொல்லித் தொடங்குகிறது. பிழையே இல்லை, லிங்கும் இல்லை. போன கிழமை இருவரும் எழுதிக்கொண்ட மடல்கள் கீழே அப்படியே தொடர்கின்றன. பற்றுச்சீட்டு பிடிஎஃப் ஆக இணைக்கப்பட்டிருக்கிறது, தொகை சரியாக 485,000 ரூபா. ஒரே ஒரு புதிய வரி: "எங்கள் கணக்கில் கணக்காய்வு நடப்பதால் இம்முறை கீழுள்ள கணக்கில் வைப்பிலிடவும், வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது." மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படுவது அவசரம் என்ற ஓர் அடையாளம்தான். பட்டியல் "குறைவு" என்று சொல்லும். பணம் போய்விடும்.

ஆகவே அடையாளங்களை முதலில் கனமானவை, இலேசானவை என்று பிரிக்க வேண்டும். பிரிக்கும் அளவுகோல் எளிது: நேர்மையான ஒருவர் அதை எவ்வளவு அடிக்கடி செய்வார்? எழுத்துப்பிழை, அவசரம், பொது விளிப்பு, இலவச மின்னஞ்சல் முகவரி, சுருக்க லிங்க் ஆகிய ஐந்தையும் நேர்மையானவர்கள் தினமும் செய்கிறார்கள், ஆதலால் அவை இலேசானவை. கடவுச்சொல், ஓடிபி அல்லது அட்டை இலக்கம் கேட்பது, பணம் போகும் கணக்கை மாற்றச் சொல்வது, அனுப்பியவர் என்று சொல்லப்படும் நிறுவனத்துக்கும் முகவரியில் @ க்குப் பின்னால் வரும் டொமைனுக்கும் பொருந்தாமை, பதில் எழுதினால் வேறொரு டொமைனுக்குப் போவது, .html அல்லது .exe கோப்பை இணைத்து அனுப்புவது ஆகியவை கனமானவை.

மட்டத்தை இப்படித் தீர்மானிக்கலாம். இரகசிய விபரம் கேட்பதோ கணக்கு மாற்றமோ இருந்தால், வேறு எதுவும் பொருந்தாவிட்டாலும் உயர். மற்றக் கனமான அடையாளங்களில் ஒன்று இருந்தால் நடுத்தரம், இரண்டு இருந்தால் உயர். இலேசானவை மட்டும் எத்தனை சேர்ந்தாலும் நடுத்தரத்தைத் தாண்டக்கூடாது. மூன்றுக்குக் குறைவாக இருந்தால் குறைவு. இதன்படி பாடசாலை மடல் நடுத்தரத்தில் நின்றுவிடும். அனுப்பிய அலுவலகத்துக்கு ஒரு கோல் எடுத்தால் முடியும் அலுவல் அது. அரிசி மடலோ நேரே உயரில் போய் உட்காரும். பாடசாலை மடல் போன்றவற்றுக்கெல்லாம் "உயர்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், பத்தாவது தடவை அந்தச் சொல்லை யாரும் காதில் போடமாட்டார்கள்.

அடுத்த தவறு முகவரியை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் பெயர் மட்டும் தெரியும், அந்தப் பெயரை அனுப்புபவர் விரும்பியபடி எழுதலாம். பெயருக்குக் கீழே தட்டினால் முழு முகவரி விரியும். அரிசி மடலில் விரிந்தது இது, அதன் கீழே இருப்பது பழைய பற்றுச்சீட்டில் உள்ள முகவரி:

```
accounts@ampararnill.example
accounts@amparamill.example
```

மேலே உள்ளதில் mill இன் m இல்லை, r உம் n உம் ஒட்டி நிற்கின்றன. சின்னத் திரையில் கண்ணுக்குத் தெரியாது. முகவரியைப் பிரதி செய்து வேர்டில் ஒட்டி, தெரிவு செய்து, பெரிய எழுத்து வரும்வரை Shift+F3 ஐ அழுத்துங்கள். AMPARARNILL என்று வந்தவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும். சிறிய l இருக்க வேண்டிய இடத்தில் 1 வைத்திருந்தாலும் இதே வழியில் பிடிபடும்.

லிங்கை வாசிக்கும்போது இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் கெடுக்கிறது. இடமிருந்து வலமாக வாசித்து, தெரிந்த பெயர் வந்தவுடன் நிறுத்திவிடுகிறோம். தபால் திணைக்களத்தின் பெயரில் பொதிக்குக் கட்டணம் கேட்டு வரும் மடல்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

```
https://slpost.gov.lk/track
https://slpost.gov.lk.parcel-pay.example/track
```

https:// ஐத் தாண்டி முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாசியுங்கள். முதல் லிங்கில் lk, gov, slpost என்று வருகிறது, திணைக்களத்தினுடையது. இரண்டாவதில் example, parcel-pay என்று வருகிறது. உரிமையாளர் யாரென்பது அங்கேயே முடிவாகிவிட்டது, அதற்கு இடப்பக்கம் எழுதியிருப்பதெல்லாம் அந்த உரிமையாளர் தன் விருப்பத்துக்கு வைத்த பெயர். லிங்கைத் திறக்காமல் பார்க்க, தொலைபேசியில் விரலால் அழுத்திப் பிடிக்கலாம், கணினியில் மவுஸை மேலே வைத்தால் போதும்.

கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர்களே விழும் குழி ஒன்றும் உண்டு. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் மூன்று புள்ளிகளில் Show original ஐத் தெரிவு செய்தால், SPF, DKIM, DMARC என்ற மூன்று வரிகள் தெரியும். மூன்றிலும் PASS என்று இருந்தால் "நம்பலாம்" என்று எழுதி, பட்டியலில் மட்டத்தை ஒரு படி குறைத்துவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் சொல்வது, மடல் அது சொல்லும் டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை மட்டுமே. ampararnill என்ற டொமைனை மோசடிக்காரரே காசு கொடுத்து வாங்கிப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய மடல் மூன்றிலும் PASS வாங்கும். ஆலையின் உண்மையான மின்னஞ்சல் பெட்டிக்குள்ளேயே ஒருவர் புகுந்து எழுதினாலும் PASS தான். அந்த நிலையில் முகவரியிலும் பிழை இருக்காது, கணக்கு மாற்றம் ஒன்றுதான் மிஞ்சும். அதனால்தான் அந்த ஓர் அடையாளத்துக்குத் தனியாகவே உயர் மட்டம் கொடுக்கச் சொன்னோம். FAIL என்று வந்தால் நடுத்தரத்துக்கு ஏற்றுங்கள், PASS வந்தால் எதையும் இறக்காதீர்கள். லிங்கின் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்கும் இதே விதி.

பிறகு, பார்க்காததை "இல்லை" என்று குறிப்பது. நம் ஊரில் சந்தேக மடலைப் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷொட்டாகத்தான் அனுப்பிக் கேட்கிறார்கள். அதில் முழு முகவரி தெரியாது, லிங்க் எங்கே போகிறது என்பதும் தெரியாது. கேட்கப்பட்டவர் அந்த வரிகளைக் காலியாக விடுகிறார், காலி என்பது "இல்லை" என்று வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஆம், இல்லை, பார்க்கவில்லை என்று மூன்று பதில்கள் வையுங்கள். கனமான அடையாளம் ஒன்றாவது "பார்க்கவில்லை" என்று இருக்கும்வரை "குறைவு" என்ற மட்டத்தைக் கொடுக்கக்கூடாது. சாதாரணமாக முன்னனுப்பினாலும் அனுப்பியவர் இடத்தில் உங்கள் பெயர் வந்துவிடும். கணினியில் ஜிமெயிலில் Forward as attachment என்பதைப் பயன்படுத்தினால் மூல மடல் முழுதாகப் போய்ச் சேரும்.

முடிவை எழுதும்போது மட்டத்தை மட்டும் சொன்னால் காசாளர் என்ன செய்வார்? "உயர் என்று சொன்னார்கள், ஆனால் முதலாளி அவசரம் என்கிறார்" என்று குழம்பி நிற்பார். பொருந்திய ஒவ்வொரு அடையாளத்துக்குப் பக்கத்திலும் மடலில் அதைக் காட்டும் சொற்களை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்ட முடியாத அடையாளத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

```
அபாய மட்டம்: உயர்
பொருந்தியவை:
  கனம்  - கணக்கு மாற்றம்: "கீழுள்ள கணக்கில் வைப்பிலிடவும்"
  கனம்  - டொமைன் பொருந்தவில்லை: ampararnill, பழையது amparamill
  இலேசு - அவசரம்: "வெள்ளிக்கிழமைக்கு முன்"
பார்க்காதவை: பதில் போகும் முகவரி
செய்ய வேண்டியது: பணம் அனுப்பாமல், பழைய
  பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்துக்கு கோல் எடுக்கவும்
```

கடைசி வரியில் "பழைய பற்றுச்சீட்டில் உள்ள இலக்கம்" என்று எழுதியது வேண்டுமென்றே. வந்த மடலில் உள்ள இலக்கத்துக்கு அழைத்தால் மறுபக்கம் எடுப்பது மோசடிக்காரர்தான், அந்த மடலுக்கே பதில் எழுதிக் கேட்டாலும் அவரேதான் "ஓம், சரி" என்பார். ஆலை உண்மையாகவே கணக்கை மாற்றியிருக்கவும் கூடும். அப்போது இந்த மட்டத்தால் ஆன செலவு இரண்டு நிமிடக் கோல் மட்டும்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் மட்டம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் செஃப்ட்ஸ் வழியாக அனுப்பிய பணம் உடனுக்குடன் மற்றக் கணக்கில் விழுந்துவிடும். முதல் கோல் உங்கள் வங்கிக்கு, போன தொகையை மறித்துத் தரும்படி கேட்க. அடுத்தது பொலிஸுக்கும், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும். மடலை அழித்துவிடாதீர்கள், மூல மடலைத்தான் அவர்கள் கேட்பார்கள்.