மாடு வாங்குறதுக்கு முன்னாடி போடுற அந்தக் கணக்கு

போன வாரம் புக்கிட் மெர்தாஜாம் தம்பி ஒருத்தர் போன்ல கணக்கு காட்டினார், ஒரு கறவை மாடு, நாளைக்கு 12 லிட்டர், லிட்டர் 6 வெள்ளி, மாசம் 2,160 வெள்ளி, அஞ்சு மாடு இருந்தா வேலைய விட்டுரலாம்ணேன்னு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு கடுப்பும் வந்துச்சு, நானும் இதே கணக்கோடதான் இறங்கினேன்.

12 லிட்டர்னு சொன்னா நம்பாதீங்க

என் முதல் மாட்ட காலையில போய்ப் பார்த்தேன், மடி கனத்துப் போய் நின்னுச்சு, கண்ணு முன்னாடியே 12 லிட்டர் கறந்தாங்க. வீட்டுக்கு வந்தா நாளைக்கு 8தான். முந்தின நாள் முழுக்கக் கறக்காம விட்டிருக்காங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இப்பல்லாம் நான் சாயந்திரம் போய் ஒட்டக் கறக்கச் சொல்லிட்டு அதைக் கணக்குல சேர்க்க மாட்டேன், மறுநாள் காலையும் சாயந்திரமும் கறக்குறத நின்னு அளந்து ரெண்டையும் கூட்டினாதான் அந்த மாட்டோட ஒரு நாள் பால்.

அதுலயும் அந்த 8 நிக்காது. கன்னு போட்டு ஆறேழு வாரத்துல உச்சிக்குப் போய்ட்டு இறங்க ஆரம்பிச்சிரும். என் மாடு பத்து மாசத்துல மொத்தம் 1,700 லிட்டர் கொடுத்துச்சு, கன்னுக்குட்டி குடிச்சது போக 1,500 வித்தேன், 9,000 வெள்ளி. ஆனா அடுத்த கன்னு வந்தது 15 மாசம் கழிச்சு, அதனால 9,000த்த 15ஆலதான் வகுக்கணும், மாசம் 600, நாளைக்கு நாலு லிட்டர் பால்கூட இல்ல. கறவையில நாளைக்கு நாலு கிலோ பெல்லட், வத்துன அஞ்சு மாசமும் ரெண்டு கிலோ, கிலோ 1.30 வெள்ளின்னு 1,950. நேப்பியர் புல்லு நானே வெட்டினேன், லாரி எண்ணெய் மட்டும் 1,350. மிச்சம் மாசம் 380 வெள்ளி, அதுலதான் மருந்து, ஊசி, என் கூலி எல்லாம்!

15 மாசம் ஆனதுக்கு நான்தான் காரணம். மாடு பருவத்துக்கு வர்றது 21 நாளைக்கு ஒரு தடவை, நம்ம வெயிலுக்கு அடையாளம் மங்கலா, பாதி நேரம் ராத்திரியிலதான் தெரியும். கத்தும்னு காத்திருந்தேன், அது கத்தவே இல்ல. விடியக்காலையும் ராத்திரி படுக்கப் போறப்பவும் கொட்டாய்ல பத்து நிமிஷம் நில்லுங்க, இன்னொரு மாடு மேல ஏறும்போது நகராம நின்னா அதுதான் நேரம், காலையில பார்த்தா சாயந்திரம் சினை ஊசி, சாயந்திரம் பார்த்தா மறுநாள் காலை. ஒரு தடவை தவறுனா 21 நாள் தீவனம் சும்மா போகும்.

ரோட்டோரப் புல்லு

களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க. தெரியாத இடத்துல வெட்டாதீங்க.

ஆட்டுக்கு மண் தரை

மாட்டோட ஆடும் வளர்க்கப் போறீங்கன்னா வேணாம். பரண் கட்டுங்க, புழுக்கை கீழ விழணும்.

செம்மறிக்குச் செம்பனைப் புண்ணாக்கு

வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது, அதுல இருக்குற செம்பு ஈரல்ல சேர்ந்து நல்லா மேஞ்சிட்டு இருந்த ஆடு திடீர்னு சிவப்பா மூத்திரம் போய்ச் சாயும்.

தம்பி 12ஐ அழிச்சிட்டு 4ன்னு போட்டுப் பார்த்தார். அப்புறம் ஒண்ணும் பேசல, இப்போதைக்கு ஒரு மாடு போதும்ணேன்னு டீய மட்டும் குடிச்சார்.